சூடானதும் அணைந்து, ஆறியதும் கிளம்பும் என்ஜின்: பழுது கிராங்க் சென்சாரிலா, அதன் ஒயரிலா?

கேள்வி: ஐயா, என்னுடைய பெட்ரோல் கார் காலையில் ஒரே சாவியில் கிளம்புகிறது. முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் என்ஜின் அணைந்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பி ஓடுகிறது. பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, கிராங்க் சென்சாரும் மாற்றியாயிற்று. ஸ்கேன் செய்தால் பழுதைக் குறிக்கும் கோடு எண் எதுவும் இல்லை என்கிறார்கள். அடுத்து என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கிராங்க் சென்சாரை மாற்றிவிட்டதால் அந்தப் பக்கம் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று உங்கள் மெக்கானிக் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. ஆனால் சென்சாருக்குள் இருக்கும் சுருள், அதிலிருந்து வெளியே வரும் சிறிய வால் ஒயர், அதன் முனையிலுள்ள கப்ளர், கப்ளரிலிருந்து ஈசியூ வரை செல்லும் இரண்டு ஒயர்கள், ஈசியூவின் பின்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் ஒரு சுற்று ஆகிறது. இவற்றில் எது விட்டுப்போனாலும் ஈசியூவுக்கு ஒரே விளைவுதான், அதாவது சிக்னல் வராது. நீங்கள் மாற்றியிருப்பது இந்தச் சுற்றின் ஒரு துண்டை மட்டுமே. பழுது எந்தத் துண்டில் இருக்கிறது என்பதை நிரூபிக்கக் கிடைக்கும் நேரமோ, வண்டி கிளம்ப மறுக்கும் அந்த அரை மணி நேரம் மட்டும்தான். ஆறிய வண்டியை எத்தனை பட்டறைக்குக் கொண்டுபோனாலும் எல்லா அளவும் சரியாகவே இருக்கும்.

இந்தச் சென்சார் செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை. ஃபிளைவீலின் விளிம்பிலோ முன்பக்கப் புல்லிக்கு அருகிலோ பற்கள் வெட்டிய ஒரு சக்கரம் கிராங்க் ஷாஃப்ட்டுடன் சேர்ந்து சுழல்கிறது. பல கார்களில் இந்தச் சக்கரம் அறுபது பற்களுக்கான இடைவெளியில் வெட்டப்பட்டு, அதில் இரண்டு பற்கள் மட்டும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். மீதமுள்ள 58 பற்கள் கடந்து போகும் வேகத்தைக் கொண்டு என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும், பல் இல்லாத அந்த இடைவெளியைக் கொண்டு பிஸ்டன்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் ஈசியூ கணக்கிடுகிறது. இரண்டு ஒயர் உள்ள சென்சாராக இருந்தால் அதற்குள் ஒரு காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிய சுருளும் இருக்கும். ஒவ்வொரு பல்லும் முனைக்கு அருகில் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறிய மாறுமின்னழுத்தம் உண்டாகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை, அது தானே உற்பத்தி செய்துகொள்கிறது. மூன்று ஒயர் உள்ளதாக இருந்தால் அது பெரும்பாலும் ஹால் வகையைச் சேர்ந்தது. அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சிக்னல் நின்ற உடனே, என்ஜின் சுற்றவில்லை என்றே ஈசியூ முடிவு செய்கிறது. சுற்றாத என்ஜினுக்குப் பெட்ரோல் தேவையில்லை, தீப்பொறியும் தேவையில்லை என்பதால் இன்ஜெக்டர், காயில், பம்ப் ரிலே ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறது. உங்கள் வண்டி விக்காமல், இழுவை குறையாமல், சாவியைத் திருப்பி அணைத்தது போல நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பம்ப் தளர்ந்துபோன வண்டி பெரும்பாலும் அப்படி நிற்காது. மேடு ஏறும்போது திணறி, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சோர்ந்து, பிறகுதான் நிற்கும். அணைந்தபின் செல்ஃப் அடித்துப் பார்த்தவர்கள் பம்ப் ஓடும் சத்தம் கேட்கவில்லை என்று சொல்லிப் பம்பையே மாற்றிவிடுவது உண்டு. பம்பை நிறுத்தி வைத்திருப்பது ஈசியூ என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. சாவியை ஆன் செய்ததும் இரண்டு விநாடி அளவுக்குப் பம்ப் ஓடி நின்று, செல்ஃப் அடிக்கும்போது ஓடாமல் இருந்தால், சந்தேகப்பட வேண்டியது பம்பை அல்ல, கிராங்க் சிக்னலைத்தான்.

கோடு பதிவாகாததும் இதே காரணத்தால்தான். கிராங்க் சென்சார் சுற்றுக்குரிய கோடு P0335, சிக்னல் விட்டு விட்டு வருவதற்குரியது P0339. ஆனால் சிக்னல் நிற்பதும் என்ஜின் நிற்பதும் ஒரே நொடியில் நடந்துவிட்டால், ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டார் என்று ஈசியூ எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. கேம் ஷாஃப்ட் சென்சார் சுழற்சியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கிராங்க் சிக்னல் மட்டும் இல்லை என்றால்தான் பல ஈசியூக்கள் இதைப் பழுது என்று பதிவு செய்யும், அதுவும் சில சுற்றுகள் வரை பொறுத்துப் பார்த்த பிறகு. ஆகவே கோடு இல்லை என்பதைக் கொண்டு கிராங்க் சுற்று நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கோடு இருந்தால்கூட அது சென்சார் என்ற பொருளைக் குறிப்பிடவில்லை, சுற்று முழுவதையும்தான் குறிப்பிடுகிறது. P0335 வந்ததும் சென்சாரை வாங்கிப் போட்டுவிட்டு, மறுவாரம் அதே கோடுடன் திரும்பி வரும் வண்டிகள் ஏராளம்.

சூட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை அடுத்து பார்ப்போம். சென்சாரின் சுருள் கெட்டியான பிளாஸ்டிக் கலவைக்குள் புதைக்கப்பட்டிருக்கிறது. செம்பும் அந்தக் கலவையும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் சூடாவதும் ஆறுவதுமாக இருந்து கம்பியில் ஒரு மெல்லிய முறிவு ஏற்பட்டுவிட்டால், சூட்டில் முறிந்த முனைகள் விலகும், ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும். ஒயரிலும், கப்ளர் பின்னிலும் நடப்பது ஏறக்குறைய இதேதான். இதற்கிடையில் ஒன்றைப் பழுது என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. நல்ல சென்சாரின் ரெசிஸ்டன்ஸும் சூட்டில் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. 20 டிகிரியில் 860 ஓம் காட்டும் சுருள் 100 டிகிரியில் சுமார் 1,130 ஓம் காட்டினால் அது முற்றிலும் இயல்பானது. மீட்டர் பல ஆயிரம் ஓம் காட்டினாலோ, அளவு நிலையில்லாமல் தாவினாலோ, `OL` என்று திறந்த சுற்றைக் காட்டினாலோ மட்டுமே அது பழுது.

அணைந்த பிறகு உடனே ஆறத் தொடங்கிவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. ஓடும்போது கிடைத்த காற்றும் தண்ணீர்ச் சுழற்சியும் நின்றுவிடுவதால், போனட்டுக்குள் இருக்கும் பொருள்கள் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு இன்னும் கொஞ்சம் சூடாகவே செய்யும். அதனால்தான் நின்றவுடன் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பயனில்லாமல், அரை மணி நேரம் கழித்துக் கிளம்புகிறது. இதே பழுதின் வேறொரு முகமும் உண்டு. சில வண்டிகள் ஓடும்போது அணைவதில்லை, டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால்தான் கிளம்ப மறுக்கும். காந்தச் சுருள் சென்சாரின் மின்னழுத்தம் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. ஐடிலில் 800 சுற்று வேகத்தில் போதுமான அளவு கொடுக்கும் தளர்ந்த சென்சார், செல்ஃப் சுற்றும் 200, 250 சுற்று வேகத்தில் ஈசியூ உணரும் அளவுக்குக் கொடுக்காமல் போகலாம். பேட்டரி சோர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் இது இன்னும் மோசமாகும்.

இனி நீங்களே சாலையில் செய்யக்கூடிய சோதனைக்கு வருகிறேன். கருவி எதுவும் தேவையில்லை, ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தால் போதும். கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் அணைந்தால், கிளட்சை மிதிக்காத வரை சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வராமலோ தீப்பொறி இல்லாமலோ அணைந்திருந்தால், என்ஜின் உண்மையில் சுற்றுவதால் முள்ளும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகவே இறங்கும். கிராங்க் சிக்னல் நின்று அணைந்திருந்தால், வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழும். அடுத்து, ஓரங்கட்டி நிறுத்திச் செல்ஃப் அடிக்கும்போது முள் சிறிதாவது அசைகிறதா என்று பாருங்கள். அசையாமல் படுத்தே கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஈசியூவில் உள்ள தகவலைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவி ஒன்றைச் செல்பேசியுடன் இணைத்து, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எண்ணைப் படித்தால் முள்ளைவிட நம்பகமாக இருக்கும். 200 என்று ஏதாவது எண் வந்தால் கிராங்க் சிக்னல் ஈசியூவுக்கு வருகிறது என்று பொருள். பூஜ்யமாகவே இருந்தால் வரவில்லை.

இதைச் செய்து பார்க்கும் ஆர்வத்தில் பாதுகாப்பை மறந்துவிட வேண்டாம். என்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கின் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு அழுத்தங்களுக்கு மட்டுமே உதவும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரங்கட்டுங்கள். உருண்டுகொண்டிருக்கும்போது சாவியைக் கடைசி வரை பின்னால் திருப்பி ஸ்டீயரிங்கைப் பூட்டிவிடாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் சோதனை தெரியாது என்பதால், முள்ளைப் பார்க்கும் வேலையை உடன் வருபவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஆர்பிஎம் பூஜ்யம் என்று தெரிந்தாயிற்று. சிக்னல் வரவில்லை என்பது உறுதி, ஆனால் சென்சார் கொடுக்கவில்லையா, கொடுத்தது வழியில் தொலைந்துபோனதா என்பது இன்னும் தெரியாது. பெரும்பாலான பட்டறைகள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகின்றன. இவ்விரண்டையும் பிரிக்கச் சென்சார் முனையிலும் ஈசியூ முனையிலும் அளக்க வேண்டும், அதுவும் வண்டி செத்துக் கிடக்கும்போதே அளக்க வேண்டும். அதற்கு ஆறியிருக்கும்போதே தயாராக வேண்டும். உங்கள் மாடலின் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்து, கிராங்க் சென்சாரின் இரண்டு ஒயர்களும் ஈசியூ கப்ளரில் எந்தெந்தப் பின்னுக்குப் போகின்றன என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் கப்ளருக்குக் கை எட்ட ஏர் ஃபில்டர் பெட்டியையோ பேட்டரித் தட்டையோ கழற்ற வேண்டியிருந்தால் அதையும் முன்பே பழகி வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் வண்டி ஆறிவிடும்.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியை வைத்து இதை விளக்குகிறேன். நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின். கிராங்க் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம், பெல் ஹவுசிங்கில் ஃபிளைவீலைப் பார்த்தபடி இருந்தது. உங்கள் வண்டியைப் போலவே அதிலும் சென்சார் புதிது, இக்னிஷன் காயிலும் புதிது. காலையில் ஆறிய நிலையில் சென்சார் கப்ளரைக் கழற்றி அளந்தபோது 870 ஓம் வந்தது. சென்சாரை மறுபடி மாட்டிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஈசியூ கப்ளரை உருவி, அங்கிருக்கும் இரண்டு பின்களுக்கு நடுவில் அளந்தபோது 871 ஓம். ஈசியூ கப்ளரை உருவாமல் அளந்தால் ஈசியூவின் உள்சுற்றும் சேர்ந்து கணக்கைக் குழப்பும் என்பதால் இது அவசியம். ஒவ்வொரு ஒயரையும் பாடியோடு சேர்த்து அளந்ததில் எங்கும் கசிவு இல்லை. இந்த அளவுகளை மட்டும் பார்த்தால் வண்டியில் குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

பட்டறையில் நிறுத்தியபடியே ஓடவிட்டோம். ரேடியேட்டர் ஃபேன் பலமுறை ஓடி நின்றது, என்ஜின் அணையவில்லை. ஏசி போட்டுச் சாலைக்கு எடுத்துச் சென்றபோது, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் அணைந்தது. முள் அக்கணமே கீழே விழுந்தது. இந்த ஒரு வேறுபாடே ஒரு துப்பு என்று எடுத்துக்கொண்டேன். சூடு மட்டும் காரணம் என்றால் நிறுத்திய இடத்திலும் அணைந்திருக்கலாம். ஏற்றத்தில் இழுக்கும்போது என்ஜின் தன் மவுண்டில் சாய்கிறது, அந்தச் சாய்வில் ஒயர் இழுபடுகிறது. சூடும் இழுப்பும் சேர்ந்தால் மட்டும் வரும் பழுது சென்சாரைவிட ஒயரையே அதிகம் சுட்டுகிறது.

ஓரங்கட்டியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியூ கப்ளரை உருவி அதே இரண்டு பின்களில் அளந்தோம். மீட்டர் `OL` காட்டியது. உடனே சென்சார் கப்ளரைக் கழற்றிச் சென்சாரை மட்டும் அளந்தபோது 1,090 ஓம். இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து வழக்கை முடித்துவிட்டன. காலையில் 30 டிகிரி வாக்கில் 870 ஓம் காட்டிய சுருள் 1,090 ஓம் காட்ட வேண்டுமானால் அது சுமார் 95 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும். நின்ற வண்டியின் பெல் ஹவுசிங்கில் அது எதிர்பார்க்கக்கூடிய சூடுதான். ஆகவே சென்சார் நன்றாகச் சூடாகியிருக்கிறது, அந்தச் சூட்டிலும் அறுபடாமல் இருக்கிறது. அறுபட்டிருப்பது அதற்கும் ஈசியூவுக்கும் நடுவில். எந்த ஒயர் என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை நீண்ட ஒயர் ஒன்றால் நீட்டிச் சென்சார் கப்ளரின் ஒயரிங் பக்கப் பின்னிலும், மறு முனையை ஈசியூ கப்ளரில் அதற்குரிய பின்னிலும் வைத்துக் கன்டின்யூட்டி பார்த்தோம். ஒரு ஒயர் அரை ஓமுக்கும் குறைவாகக் காட்டியது, மற்றொன்றில் ஒன்றுமே இல்லை.

மீட்டரை அதிலேயே இணைத்துவிட்டு, ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் ஒயரிங் கட்டைச் சென்சார் பக்கத்திலிருந்து ஒரு கையளவு ஒரு கையளவாக வளைத்துக்கொண்டே வந்தோம். பேட்டரித் தட்டின் அடியில், கியர்பாக்ஸ் மவுண்டுக்கு அருகில் கை பட்டதும் எண் தோன்றி மறைந்தது. கட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து, கட்டு தொங்கி, சைலன்சரின் முதல் குழாய் வீசும் சூட்டில் மவுண்டின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. டேப்பைப் பிரித்தபோது ஒயரின் மேலுறை கிழியவே இல்லை, ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் சற்றுப் பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருந்தது. ஆனால் இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பரைப் போல நீண்டு மெலிந்தது. உள்ளே செம்பு இருக்கும் ஒயர் அப்படி நீளாது. மேலுறையைச் சீவிப் பார்த்தால் இழைகள் பச்சை பூத்து, அனைத்தும் முறிந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. மேலுறை சூட்டில் இளகி இழுபடும்போது முனைகள் விலகியிருக்கின்றன, ஆறிச் சுருங்கும்போது தொட்டிருக்கின்றன. புதுச் சென்சார் போட்டதும் வண்டி சில நாள் நன்றாக ஓடியதாக உரிமையாளர் சொன்னதற்கும் விளக்கம் கிடைத்தது. சென்சாரை மாற்றியவர் கப்ளரைக் கழற்றி மாட்டும்போது கட்டு கொஞ்சம் இடம் மாறியிருக்கும், அதில் முனைகள் தற்காலிகமாக ஒழுங்காகச் சேர்ந்திருக்கும்.

உங்கள் வண்டியில் அளவுகள் மறுபக்கமாகவும் வரலாம். சூட்டில் சென்சாரின் மீதே `OL` வந்தால், புதிதாகப் போட்ட சென்சார் மோசமானது என்று பொருள். மலிவான மாற்றுச் சென்சார்களில் இது அரிதல்ல. அதை வீட்டிலேயே உறுதி செய்யலாம். இரண்டு ஒயர் சென்சாரைக் கழற்றி, கப்ளர் நனையாதபடி முனையை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் வைத்து, மீட்டரை இணைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள். எண் சீராக ஏறி ஓரிடத்தில் நின்றால் சுருள் நல்லது, தாவினாலோ மறைந்தாலோ கெட்டது. செத்துக் கிடக்கும் வண்டியில் சென்சார் மேல் தண்ணீர் ஊற்றி, கிளம்பினால் சென்சார்தான் என்று முடிவு கட்டும் பழக்கம் ஒன்று உண்டு. பயனுள்ள சோதனைதான், ஆனால் ஊற்றும் தண்ணீர் பக்கத்திலுள்ள கப்ளரையும் ஒயரையும் சேர்த்தே குளிர்விக்கிறது. பழுது இந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும், எந்தப் பொருளில் என்று சொல்லாது. ஊற்றுவதற்குப் பதில் ஈரத்துணியைச் சென்சார் மீது மட்டும் வைத்துப் பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மீது தண்ணீர் பட்டால் அது விரிசல் விடக்கூடும்.

ரெசிஸ்டன்ஸ் இரு முனையிலும் சரியாக இருந்தும் சிக்னல் இல்லை என்றால், சென்சார் கப்ளரைக் கழற்றி, மீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். வண்டிக்கு வண்டி அளவு மாறும் என்பதால் ஆறிய நிலையில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதே நல்லது. ஆறியிருக்கும்போது ஒரு வோல்ட்டைத் தாண்டியது சூட்டில் சில பத்து மில்லிவோல்ட்டாகச் சுருங்கினால், சுருளுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஓம் மீட்டர் இதைப் பல சமயம் காட்டிக்கொடுக்காது. இரு நிலையிலும் குறைவாகவே இருந்தால் சென்சார் முனையில் இரும்புத்தூள் படிந்திருக்கிறதா, பல்லுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி கூடிவிட்டதா என்று பாருங்கள். இந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அழுக்கைத் துடைக்காமல் சென்சாரை உட்கார வைத்தால்கூட அது கூடிவிடும்.

மூன்று ஒயர் ஹால் சென்சார் என்றால் மேற்சொன்ன ஓம் சோதனை பொருந்தாது. அதை ஓம் மீட்டரில் அளந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். வண்டி செத்துக் கிடக்கும்போது கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஒயரிங் பக்கத்தில் மூன்றையும் பாருங்கள். ஒன்றில் சென்சாருக்கான மின்சாரம், வண்டியைப் பொறுத்து 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ, வர வேண்டும். ஒன்று நல்ல கிரவுண்டாக இருக்க வேண்டும். சிக்னல் ஒயரில் பெரும்பாலான வண்டிகளில் ஈசியூ கொடுக்கும் 5 வோல்ட் காத்திருக்கும். மூன்றும் சரியாக இருந்து, மாட்டியபின் செல்ஃப் அடிக்கும்போது சிக்னல் ஒயர் அசையாமல் ஒரே அளவில் நின்றால் சென்சார்தான் குற்றவாளி. 5 வோல்ட்டே வரவில்லை என்றால் உடனே ஈசியூவைக் குறை சொல்ல வேண்டாம். அதே 5 வோல்ட்டைப் பல வண்டிகளில் ஏசி பிரஷர் சென்சார் போன்ற வேறு சென்சார்களும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று சூட்டில் ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்சாரம் விழுந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே காரணம்.

ஒயர்தான் என்று தெரிந்தால் அதைச் சரிசெய்யும் விதத்திலும் கவனம் வேண்டும். முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றுவது இந்தச் சுற்றுக்கு ஆகாது, அடுத்த கோடையில் அதே இடத்தில் பழுது திரும்பும். பச்சை பூத்த பகுதியை முழுவதும் வெட்டியெடுத்து, பளிச்சென்ற செம்பு வரும் இடத்திலிருந்து அதே கனமுள்ள, சூடு தாங்கும் ஒயரைச் சேர்த்து, ஈரம் புகாதபடி சுருங்கும் உறையிட வேண்டும். இரண்டு ஒயர்களும் முறுக்கிவிடப்பட்டிருந்தால் அந்த முறுக்கை அப்படியே காப்பாற்றுங்கள், சுற்றிலும் உலோக வலை இருந்தால் அது முன்பு எந்த முனையில் கிரவுண்டில் சேர்ந்திருந்ததோ அந்த முனையில் மட்டும் சேருங்கள். காயிலும் ஆல்டர்னேட்டரும் எழுப்பும் மின் இரைச்சலிலிருந்து அந்தச் சிறிய சிக்னலைக் காப்பது இவைதான். காந்தச் சுருள் சென்சாரில் இரண்டு ஒயரும் இடம் மாறிவிடக் கூடாது. மாறினால் சிக்னல் தலைகீழாகி, ஈசியூ பல் இல்லாத இடத்தைத் தவறாகப் படித்து, வண்டி கிளம்பாமலோ நேரம் தவறித் தீப்பொறி விழுந்து அடித்துக்கொண்டோ இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக உடைந்த கிளிப்பைப் புதிதாகப் போட்டு, கட்டைச் சூட்டிலிருந்து விலக்கி, என்ஜின் சாய்வதற்குத் தேவையான தொய்வு கொடுத்துக் கட்டுங்கள். எங்கள் வண்டியில் உண்மையான ரிப்பேர் அந்தக் கிளிப்தான்.

செத்துக் கிடக்கும்போது ஓபிடி கருவியில் ஆர்பிஎம் எண் ஒழுங்காக வந்தால் நான் இதுவரை சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது தீப்பொறி இருக்கிறதா, பெட்ரோல் அழுத்தம் இருக்கிறதா என்று அந்த நேரத்திலேயே பாருங்கள். தீப்பொறி இல்லை என்றால் சூட்டில் விட்டுப்போகும் காயிலையும், சாவியை ஆன் செய்தும் கருவி ஈசியூவுடன் பேசவே இல்லை என்றால் மெயின் ரிலேயையும் அதன் ஃபியூஸ் பெட்டி இணைப்பையும் சோதிக்க வேண்டும். ஈசியூ கடைசியாகத்தான் வருகிறது. சென்சார் முனையில் கிடைத்த சிக்னல் ஈசியூவின் பின் வரை குறையாமல் வந்து சேர்கிறது, ஈசியூவுக்கு மின்சாரமும் கிரவுண்டும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் ஆர்பிஎம் பூஜ்யம் என்று அளந்து எழுதிக் காட்டினால் மட்டும் மாற்றச் சம்மதியுங்கள்.

நாளை ஆறியிருக்கும்போது சென்சாரிலும் ஈசியூ கப்ளரிலும் ஓம் அளவை எடுத்து எழுதி வைத்துக்கொண்டு, மீட்டரையும் ஓபிடி கருவியையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அணையும்போது அதே இரண்டு அளவுகளை மறுபடி எடுத்து, சென்சாரில் எத்தனை ஒயர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன்.